சராசரியை மதிப்பிட எத்தனை பேர் வேண்டும்? முந்தைய ஆய்வின் திட்ட விலக்கத்தைக் கொண்டு மாதிரி அளவு கணக்கிடுவது

ஒரு வட்டாரத்தில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் பெண்களின் சராசரி ஹீமோகுளோபின் அளவு என்ன என்று தெரிய வேண்டும். எல்லோருக்கும் ரத்தம் எடுக்க முடியாது. எத்தனை பேருக்கு எடுத்தால் போதும்? தீசிஸ் எழுதும் மாணவரும் கள ஆய்வுக்குத் திட்டம் போடுகிறவரும் முதலில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். இதே வட்டாரத்து ஹீமோகுளோபின் கணக்கைக் கடைசிவரை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். ரத்த அழுத்தமோ குழந்தையின் பிறப்பு எடையோ எதுவானாலும் முறை இதுதான்.

சூத்திரத்தில் எண்களைப் போடுவது ஒரு நிமிட வேலை. அதற்குள் போடும் இரண்டு எண்களைச் சரியாகத் தேடிப் பிடிப்பதற்குத்தான் உழைப்பு தேவை. ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த இரண்டு எண்களைப் பற்றியது.

கேள்வி சராசரியைப் பற்றியதா, சதவீதத்தைப் பற்றியதா?

"ரத்தசோகை எத்தனை சதவீதம் பேருக்கு இருக்கிறது" என்பது ஒரு கேள்வி. "சராசரி ஹீமோகுளோபின் எவ்வளவு" என்பது வேறு கேள்வி. ரத்தம் எடுப்பதும் அளப்பதும் இரண்டுக்கும் ஒன்றுதான். மாதிரி அளவுக் கணக்கு ஒன்றல்ல. நம் மருத்துவக் கல்லூரி தீசிஸ்களில் அடிக்கடி காணப்படும் `4pq/d²` சதவீதக் கேள்விக்கு உரியது. சராசரிக் கேள்விக்கு அதைப் போட்டால் வரும் எண்ணுக்கும் உங்கள் ஆய்வுக்கும் தொடர்பே இருக்காது.

முதல் நோக்கம் எதுவோ அதற்குத்தான் மாதிரி அளவு கணக்கிட வேண்டும். இரண்டுமே முக்கியம் என்றால் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சதவீதக் கேள்விதான் அதிகம் பேரைக் கேட்கும்.

இங்கே நம் நோக்கம் சராசரி மட்டும் என்று வைத்துக்கொள்வோம். அதையும் முழுதாக எழுதிக்கொள்ள வேண்டும்: யாருடைய சராசரி (28 வாரம் முடிந்த கர்ப்பிணிகள்), எங்கே (ஒரு வட்டாரம்), எதைக் கொண்டு அளந்தது (நரம்பிலிருந்து எடுத்த ரத்தம், ஆய்வகத்தின் தானியங்கிக் கருவி), எந்த அலகில் (கிராம்/டெசிலிட்டர்). இவ்வளவு விவரம் எதற்கு என்று இப்போது தோன்றலாம். திட்ட விலக்கம் தேடும்போது இந்த நான்கும்தான் உங்களுக்கு அளவுகோல்.

சூத்திரம் எங்கிருந்து வருகிறது

ஒவ்வொருவரின் ஹீமோகுளோபினும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் அளவு திட்ட விலக்கம், `σ`. `n` பேரைத் தற்செயல் முறையில் எடுத்து அவர்களின் சராசரியைக் கண்டால், அந்தச் சராசரியும் மாதிரிக்கு மாதிரி கொஞ்சம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் அளவு திட்டப் பிழை, அதாவது `σ/√n`. நூறு முறை இப்படி மாதிரி எடுத்தால் ஏறக்குறைய 95 முறை, மாதிரியின் சராசரி உண்மையான சராசரிக்கு இருபுறமும் 1.96 திட்டப் பிழைக்குள் விழும்.

நமக்கு அந்தத் தூரம் `d` என்ற எல்லையைத் தாண்டக் கூடாது. ஆகவே `1.96 × σ/√n = d` என்று வைத்து `n`-ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால்:

```
n = (z × σ / d)²
```

95 சதவீத நம்பிக்கைக்கு `z` 1.96. 90 சதவீதத்துக்கு 1.645, 99 சதவீதத்துக்கு 2.576. தனிக் காரணம் எதுவும் இல்லாவிட்டால் 95-ஐயே வைத்துக்கொள்ளலாம். சிலர் 1.96-ஐ 2 என்று முழுதாக்கி `4σ²/d²` என்று எழுதுவார்கள். அது தவறல்ல, எண் நாலு சதவீதம் கூடும், அவ்வளவுதான். ஆனால் ஒரே அறிக்கையில் ஓரிடத்தில் 2-ம் இன்னோரிடத்தில் 1.96-ம் போடாதீர்கள். மீண்டும் கணக்குப் போட்டுப் பார்ப்பவருக்கு விடை ஒத்துவராது.

சூத்திரத்தில் வர்க்கம் இருப்பதைக் கவனியுங்கள். எல்லையைப் பாதியாகக் குறைத்தால் ஆட்கள் நான்கு மடங்கு. திட்ட விலக்கத்தை 10 சதவீதம் குறைவாக எடுத்துவிட்டால், தேவையானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கணக்கிலிருந்து காணாமல் போவார்.

எல்லையை முடிவு செய்வது: d

இந்த எண்ணை எந்தப் புத்தகமும் தராது. உங்கள் சராசரி எவ்வளவு பிசகினால் முடிவு மாறும் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

கடைசி மூன்று மாதங்களில் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. முந்தைய ஆய்வில் சராசரி 10.6 என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். நம் ஆய்விலும் அதே 10.6 வந்து, எல்லை ±0.5 ஆக இருந்தால், உண்மையான சராசரி 10.1 முதல் 11.1 வரை எங்கும் இருக்கலாம். 11 என்ற கோட்டுக்கு அது மேலேயா கீழேயா என்றே சொல்ல முடியாது. எல்லை ±0.2 என்றால் 10.4 முதல் 10.8 வரை, கோட்டுக்குக் கீழே என்று உறுதியாகச் சொல்லலாம். ±0.1-க்குப் போனால் அதைவிடத் துல்லியம்தான். ஆனால் ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு ஆய்வகங்களில் அளந்தாலே அந்த அளவு வித்தியாசம் வந்துவிடக்கூடும். கருவியே தர முடியாத துல்லியத்தைத் தலையெண்ணிக்கையால் வாங்க முடியாது.

திட்ட விலக்கம் 1.6 என்று வைத்துக்கொண்டால் (அது எப்படி வந்தது என்பது அடுத்து), இந்த மூன்று எல்லைகளுக்கும் தேவைப்படும் ஆட்கள் இவ்வளவு:

| எல்லை (கிராம்/டெசிலிட்டர்) | தேவையானவர்கள் |
|---|---|
| ±0.5 | 40 |
| ±0.2 | 246 |
| ±0.1 | 984 |

நாம் ±0.2 எடுத்துக்கொள்வோம்.

இங்கே பலரை விழவைக்கும் ஒரு குழி உண்டு. "சராசரியில் 5 சதவீதம்" என்று எல்லையை எழுதும் பழக்கம் அது. ஐந்து சதவீதம் என்றால் நுட்பமான ஆய்வு போலக் காதுக்குப் படும். 10.6-இல் 5 சதவீதம் 0.53. சூத்திரம் 36 பேர் போதும் என்று சொல்லிவிடும். கிடைப்பதோ மேலே பார்த்த, கோட்டின் எந்தப் பக்கம் என்றே தெரியாத ஆய்வு. எல்லையை எப்போதும் அளக்கும் அலகிலேயே, கிராமிலோ மில்லிமீட்டரிலோ எழுதுங்கள். வேலையின் விளைவு அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

திட்ட விலக்கத்தைப் பழைய ஆய்விலிருந்து எடுப்பது

"முந்தைய ஆய்விலிருந்து தெரிந்த திட்ட விலக்கம்" என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் கடந்துவிடும். கையில் கட்டுரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும்.

முதல் வேலை, கட்டுரையில் `±` குறிக்குப் பின்னால் இருப்பது திட்ட விலக்கமா, திட்டப் பிழையா என்று பார்ப்பது. "10.6 ± 0.1" என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஹீமோகுளோபின் 10.4-க்கும் 10.8-க்கும் நடுவில் இருப்பது நடக்காத காரியம், ஆகவே 0.1 திட்டப் பிழையாகத்தான் இருக்க வேண்டும். அதைத் திட்ட விலக்கம் என்று நினைத்துச் சூத்திரத்தில் போட்டால் `(1.96 × 0.1 / 0.2)²` = 0.96, அதாவது ஒரே ஒரு பெண் போதும் என்று விடை வரும். இப்படி அபத்தமாக வந்தால் நல்லது, உடனே பிடிபட்டுவிடும். சிறிய ஆய்வுகளில் திட்டப் பிழையே 0.4, 0.5 என்று இருக்கும். அதைப் போட்டால் 16, 25 என்று ஓரளவு நம்பும்படி ஒரு எண் வந்து, யார் கண்ணிலும் படாமல் போய்விடும். மனதில் வைக்க ஒரு சோதனை: சராசரியிலிருந்து இருபுறமும் இரண்டு திட்ட விலக்கம் போனால், பெரும்பாலானவர்கள் அதற்குள் இருக்க வேண்டும். 10.6-க்கு இருபுறமும் 3.2, அதாவது 7.4 முதல் 13.8 வரை. இது கர்ப்பிணிகளிடம் காண்கிற வீச்சுதான், 1.6 நம்பத்தக்கது.

திட்டப் பிழையும் ஆட்களின் எண்ணிக்கையும் தெரிந்தால் திட்ட விலக்கத்தை மீட்டுவிடலாம்: `SD = SE × √n`. நம்பிக்கை இடைவெளி மட்டும் கொடுத்திருந்தால் அதிலிருந்தும் எடுக்கலாம்:

```
SD = √n × (மேல் எல்லை − கீழ் எல்லை) / 3.92
```

250 பேரில் சராசரி 10.6, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 10.4 முதல் 10.8 என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது என்று கொள்வோம். `15.81 × 0.4 / 3.92` = 1.61. இதை 1.6 என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். 10.4, 10.8 இரண்டுமே ஒரு தசமத்துக்கு முழுதாக்கப்பட்ட எண்கள். உண்மையான அகலம் 0.3-க்கும் 0.5-க்கும் இடையில் எதுவாகவும் இருந்திருக்கலாம். அப்படியானால் திட்ட விலக்கம் 1.2 ஆகவும் இருக்கலாம், 2.0 ஆகவும் இருக்கலாம். முழுதாக்கிய இடைவெளியிலிருந்து மீட்ட எண்ணை அப்படியே நம்பாமல், அதே கட்டுரையின் பட்டியல்களில் திட்ட விலக்கம் நேராகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். கட்டுரையின் துணைக் கோப்புகளையும் திறந்து பாருங்கள். கிடைக்காவிட்டால் ஆய்வாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடலாம். கேட்பது ஒரே எண்தான். நம் கணக்குக்கு, அந்தக் கட்டுரையின் பட்டியலில் 1.6 என்றே நேராகக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்.

சில கட்டுரைகளில் இடைநிலையும் கால்மானங்களும்தான் இருக்கும். பரவல் இருபுறமும் சமமாக இருந்தால், மேல் கால்மானத்திலிருந்து கீழ் கால்மானத்தைக் கழித்து 1.35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய திட்ட விலக்கம் வரும். ஆனால் ஆசிரியர் சராசரியை விட்டு இடைநிலைக்குப் போனதே, பரவல் ஒருபக்கம் சாய்ந்திருப்பதால்தானா என்றும் யோசிக்க வேண்டும். இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதற்கு நல்ல உதாரணம்: பலருக்குக் குறைவாகவும் சிலருக்கு மிக அதிகமாகவும் இருக்கும். அதற்கு மடக்கை எடுத்து, மடக்கை அளவிலேயே திட்ட விலக்கமும் எல்லையும் வைத்துக் கணக்கிடுவதுதான் சரி. ஹீமோகுளோபினுக்கு அந்தச் சிக்கல் இல்லை. லேசான சாய்வு இருந்தாலும், இருநூறுக்கு மேல் ஆட்கள் இருக்கும்போது சராசரியின் பரவல் மணிவடிவத்துக்கு வந்துவிடும்.

எண் கிடைத்ததும், அது நம்முடைய மக்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். முதலில் எழுதிவைத்த நான்கு விவரங்களும் இங்கேதான் உதவும். சராசரி ஒத்துப்போகிறதா என்று பார்க்காதீர்கள். பரவல் ஒத்துப்போக வேண்டும்.

மருந்துச் சோதனைகளில் ஏழு கிராமுக்குக் கீழ் உள்ளவர்களைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். வால்பகுதி வெட்டப்பட்டதால் அங்கே திட்ட விலக்கம் சிறியதாக வரும். அதை எடுத்துக்கொண்டு எல்லோரையும் சேர்க்கும் கள ஆய்வுக்குக் கணக்கிட்டால் ஆள் போதாது. மாறாக, மூன்று மும்மாதப் பெண்களையும் கலந்து எடுத்த ஆய்வில் திட்ட விலக்கம் பெரிதாக இருக்கும். காரணம், கர்ப்பத்தின் நடுவில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி ஹீமோகுளோபின் இயல்பாகவே இறங்குகிறது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டில் அளந்த ஆய்வுகளில், சொட்டுக்குச் சொட்டு வரும் வேறுபாடும் திட்ட விலக்கத்தோடு கலந்திருக்கும். நரம்பு ரத்தத்தை ஆய்வகத்தில் அளந்த ஆய்வைவிட அது பெரிதாக இருப்பதில் வியப்பில்லை. இன்னொன்று, மாத்திரை கொடுப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள *மாற்றத்தின்* திட்ட விலக்கம். பட்டியலில் பக்கத்திலேயே இருக்கும். அது வேறு பொருள், அதைத் தொடாதீர்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட பொருத்தமான ஆய்வுகள் கிடைத்தால், திட்ட விலக்கங்களை நேராகக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டாம். ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் அந்தந்த ஆய்வின் `n−1`-ஆல் பெருக்கிக் கூட்டி, `n−1`-களின் மொத்தத்தால் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். 120 பேரில் 1.4, 250 பேரில் 1.6, 60 பேரில் 1.9 என்று மூன்று ஆய்வுகள் இருந்தால், இந்த வழியில் 1.59 வரும். என்றாலும், மூன்றில் ஒன்று மட்டும் நம் ஊர் நிலைமைக்கு மிக நெருக்கமானது என்றால், கூட்டுக் கணக்கைவிட அந்த ஒன்றையே எடுத்துக்கொள்வது மேல். மூன்றும் சமமாகப் பொருந்தி, எண்கள் மட்டும் வேறுபட்டால் பெரிய பக்கம் சாய்வதே பாதுகாப்பு.

முன்னோட்ட ஆய்வை எவ்வளவு நம்பலாம்

பொருத்தமான கட்டுரை எதுவும் கிடைக்கவில்லை என்றால் முப்பது பேரிடம் முன்னோட்டம் பார்த்து, அதன் திட்ட விலக்கத்தை எடுப்பார்கள். கைடும் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார். செய்யலாம், ஆனால் முப்பது பேரில் கண்ட திட்ட விலக்கம் மிகவும் ஆடும். முன்னோட்டத்தில் 1.6 வந்தால், உண்மையான திட்ட விலக்கத்தின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 1.27 முதல் 2.15 வரை. ±0.2 எல்லைக்கு இந்த இரண்டு முனைகளும் கேட்கும் ஆட்கள் 155, 444. நடுவில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது.

அதே 1.6, 250 பேர் கொண்ட ஆய்விலிருந்து வந்ததென்றால் இடைவெளி ஏறக்குறைய 1.46 முதல் 1.74 வரை சுருங்கும். ஆட்கள் 205-லிருந்து 291 வரை. இப்போது திட்டம் போடலாம். ஆகவே முப்பது பேர் முன்னோட்டத்தைவிட, ஓரளவு பொருந்தும் பெரிய ஆய்வு பல நேரம் நல்ல வழிகாட்டி. முன்னோட்டத்தை வினாத்தாள், ரத்தம் எடுக்கும் ஒழுங்கு, எத்தனை பேர் மறுக்கிறார்கள் என்பதைச் சோதிக்கப் பயன்படுத்துங்கள். அதற்கு முப்பது பேர் போதும்.

கணக்கு

`z` 1.96, `σ` 1.6, `d` 0.2. `1.96 × 1.6` = 3.136. அதை 0.2-ஆல் வகுத்தால் 15.68. வர்க்கம் 245.86. தசமம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மேலே முழுதாக்க வேண்டும்: 246. 245.1 வந்தாலும் 246தான். 245-க்கு இறங்கினால் எல்லை 0.2-ஐத் தாண்டும்.

எக்செலில்:

```
=ROUNDUP((NORM.S.INV(0.975)*1.6/0.2)^2,0)
```

இதில் 0.95 போடாமல் 0.975 போடுவது ஏன் என்றால், விட்டுவைக்கும் 5 சதவீதம் இருபக்கமும் இரண்டரை இரண்டரையாகப் பிரிகிறது. 0.95 என்று போட்டால் 1.645 வந்து, தெரியாமலே 90 சதவீத நம்பிக்கைக்கு இறங்கிவிடுவீர்கள். விடை 174 என்று வந்தால் இதுதான் காரணம்.

ஒரே ஒரு திட்ட விலக்கத்தோடு நிற்காமல், கொஞ்சம் கீழேயும் மேலேயும் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆர் மென்பொருளில்:

```
s <- c(1.4, 1.6, 1.8)
d <- 0.2
ceiling((qnorm(0.975) * s / d)^2)
```

விடை 189, 246, 312. புரபோசலில் இந்த மூன்றையும் காட்டி, 246-ஐ ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் எத்திக்ஸ் கமிட்டியில் கேள்வி பாதியாகக் குறையும்.

எல்லை அகலமாக, ஆட்கள் நாற்பது ஐம்பதுக்குள் வரும்போது ஒரு சிறு திருத்தம் தேவை. தரவு வந்தபின் இடைவெளி கணக்கிடும்போது நம் மாதிரியின் திட்ட விலக்கத்தைத்தான் போடுவோம். அதனால் `z`-க்குப் பதில் `t` வரும், அது சற்றுப் பெரியது. 40 பேர் என்று வந்தால் 42 ஆக்குங்கள். 246-இல் இது இரண்டு மூன்று பேர் வித்தியாசம்தான்.

களத்துக்கு ஏற்ற திருத்தங்கள்

246 என்பது தற்செயல் முறையில் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் ஒத்துழைத்து, எல்லா ரத்தமும் ஆய்வகத்தில் சரியாக அளக்கப்பட்டால் போதுமான எண். களம் அப்படி இருப்பதில்லை.

கர்ப்பிணிகளின் பிக்மி பதிவுப் பட்டியல் கைக்குக் கிடைத்து, அதிலிருந்து வரிசை எண்களைக் குலுக்கி எடுக்க முடிந்தால் கொத்துத் திருத்தம் வேண்டாம். சில துணை சுகாதார நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இருபது பேரைக் கொத்தாக எடுப்பதுதான் திட்டம் என்றால் கட்டாயம் வேண்டும். ஒரே பகுதியில் இருப்பவர்கள் ஒரே மாதிரி சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கு மாத்திரை கொடுப்பவரும் ஒரே செவிலியர். இருபதாவது ஆள் புதிதாகச் சொல்லும் செய்தி குறைவு. இந்த ஒற்றுமையின் அளவு 0.05 என்று கொண்டால் பெருக்கவேண்டிய காரணி `1 + (20 − 1) × 0.05` = 1.95. 246 ஏறக்குறைய இரட்டிப்பாகி 480 ஆகும், அதாவது 24 நிலையங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் மட்டும் எடுத்தால் காரணி 1.45. 357 பேர் போதும், ஆனால் 36 நிலையங்களுக்குப் போக வேண்டும். ரத்தப் பரிசோதனைச் செலவு அதிகமா, வண்டிச் செலவு அதிகமா என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். அந்த 0.05-ஐயும் உங்களுடையதைப் போன்ற ஆய்விலிருந்தே எடுக்க வேண்டும். காரணியை "2 என்று வைத்துக்கொள்வோம்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கொத்து ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் எடுப்பவருக்கு அது போதவே போதாது.

அடுத்தது இழப்பு. மறுப்பவர்கள் இருப்பார்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்கள் இருப்பார்கள், ஈடிடிஏ குழாயைச் சரியாகக் கவிழ்த்துக் கலக்காததால் ரத்தம் உறைந்து ஆய்வகம் திருப்பி அனுப்பியவையும் இருக்கும். மொத்தத்தில் 20 சதவீதம் போகும் என்று எதிர்பார்த்தால், 246-ஐ 1.2-ஆல் பெருக்குவார்கள்: 296. இது தவறு. 296-இல் 20 சதவீதம் போனால் மிஞ்சுவது 237 கூட இல்லை. மிஞ்சவேண்டிய பங்கால் வகுக்க வேண்டும்: `246 / 0.8` = 307.5, ஆகவே 308. கொத்துத் திருத்தம் இருந்தால் முதலில் அது, அதன்பின் இழப்பு.

ஆட்களைக் கூட்டியதால் எண்ணிக்கை நிரம்புமே தவிர, விடுபட்டவர்கள் வேறு மாதிரியானவர்களாக இருந்தால் வரும் சாய்வு போகாது. பட்டியலில் இருந்த ஒருவர் வரவில்லை என்று அன்றைக்கு மருத்துவமனை வரிசையில் நின்ற இன்னொருவரை அவரிடத்தில் சேர்ப்பது இந்தச் சாய்வை இன்னும் வளர்க்கும். தவறாமல் பரிசோதனைக்கு வருகிறவர்கள் மாத்திரையையும் தவறாமல் சாப்பிடுகிறவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மொத்தக் கர்ப்பிணிகளே குறைவு என்றால் எண் இறங்கலாம். வட்டாரத்தில் பட்டியலில் இருப்பவர்கள் 1200 பேர், அவர்களிலிருந்து ஒவ்வொருவராகக் குலுக்கி எடுக்கிறோம் என்றால்:

```
n' = n / (1 + (n − 1)/N) = 246 / (1 + 245/1200) = 204.3
```

205 பேர் போதும். மாதிரி மொத்தத்தில் ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தத் திருத்தத்தால் பெரிய மாற்றம் இல்லை, விட்டுவிடலாம். இதைப் பயன்படுத்தும் முன் ஒன்றைத் தீர்மானியுங்கள். இந்த 1200 பேரின் இந்த மாதச் சராசரிதான் கேள்வியா? அடுத்த ஆண்டு இந்த வட்டாரத்தில் கர்ப்பமாகப் போகிறவர்களுக்கும் முடிவைப் பொருத்திப் பேசப் போகிறீர்கள் என்றால் மொத்தம் 1200 அல்ல. அப்போது 246-லிருந்து இறங்கக் கூடாது.

எழுதுவதும், தரவு வந்தபின் பார்ப்பதும்

புரபோசலில் மாதிரி அளவுப் பத்தியைப் படிக்கிறவர், கையில் கால்குலேட்டர் வைத்துக்கொண்டு அதே எண்ணை அடைய வேண்டும். இப்படி எழுதலாம்: "28 வாரம் முடிந்த கர்ப்பிணிகளின் சராசரி ஹீமோகுளோபினை 95 சதவீத நம்பிக்கையுடன் ±0.2 கிராம்/டெசிலிட்டர் எல்லைக்குள் மதிப்பிட, முந்தைய ஆய்வில் (250 பேர், நரம்பு ரத்தம்) கண்ட திட்ட விலக்கம் 1.6 எடுத்துக்கொள்ளப்பட்டது. `(1.96 × 1.6 / 0.2)²` = 245.86, 246 பேர். 20 சதவீத இழப்புக்கு இடம்விட்டு 308 பேர் பட்டியலிலிருந்து தற்செயல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுவர்." எந்த ஆய்வு என்ற மேற்கோளும், அதில் எந்தப் பட்டியலிலிருந்து 1.6 எடுக்கப்பட்டது என்பதும் கூடவே இருக்கட்டும்.

தரவு வந்தபின் உங்கள் மாதிரியின் திட்ட விலக்கம் அச்சாக 1.6 ஆக இருக்காது. உண்மையான `σ` 1.6 ஆகவே இருந்தாலும், ஏறக்குறைய பாதி நேரம் மாதிரியில் அது கொஞ்சம் கூடுதலாக வரும், எல்லையும் 0.2-ஐக் கொஞ்சம் தாண்டும். இது ஆய்வின் குறையல்ல. சூத்திரம் உறுதி தருவது சராசரியாக வரும் அகலத்துக்குத்தான். மயிரிழை தாண்டினாலும் ஏற்க முடியாது என்ற நிலை இருந்தால், தொடக்கத்திலேயே 1.6-க்குப் பதில் 1.74 போன்ற மேல்முனையைப் போட்டு 291 பேருக்குத் திட்டமிட வேண்டும்.

246 பேரிடம் திட்ட விலக்கம் 1.75 வந்தது என்று கொள்வோம். எல்லை `1.96 × 1.75 / √246` = 0.22. அறிக்கையில் வந்த சராசரியையும் இந்த 0.22-ஐ வைத்துக் கணக்கிட்ட இடைவெளியையும் எழுதுங்கள், திட்டமிட்ட 0.2-ஐ எழுதாதீர்கள். 2.4 என்பது போல வெகுதூரம் விலகி வந்தால், முதலில் தரவுத்தாளைத் திறந்து 1.06 அல்லது 106 என்று தசமப்புள்ளி இடம் மாறிய பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 246 பேரில் அப்படி ஒரே ஒரு 106 இருந்தால் போதும், திட்ட விலக்கம் 6-க்கு மேல் ஏறிவிடும். பதிவுகள் சுத்தமாக இருந்தும் 2.4 என்றால், பழைய ஆய்வின் மக்களும் உங்கள் மக்களும் ஒன்றல்ல என்று பொருள். எந்த வகையில் வேறுபடுகிறார்கள் என்பதைத் தேடி எழுதுங்கள். இதே வட்டாரத்தில் அடுத்து ஆய்வு செய்கிறவர் உங்கள் பட்டியலிலிருந்துதான் தன் திட்ட விலக்கத்தை எடுக்கப் போகிறார். அவருக்காக இரண்டு தசமத்துக்குக் கொடுங்கள்.